தொண்ணூற்று நான்கு துடிப்புகள்

ஏழாவது முறையாக டைரக்டர் அந்தக் காட்சியைத் திருப்பி அனுப்பியிருந்தார். கூடவே குரல் செய்தி ஒன்று. இசையமைப்பாளர் அதைக் கேட்கும் முன்பே அதில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"சார், சூப்பரா இருக்கு சார். ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா..."

'ஆனா' என்ற ஒரு சொல் மட்டும் இல்லாமல் போனால் இந்தத் தொழிலில் பாதிப் பேர் ஊமையாகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். மீதிச் செய்தியைக் கேட்டார். பயம் வரவில்லையாம். டெம்ப் இசையில் இருந்த பயம் இதில் இல்லையாம்.

டெம்ப் என்பது எடிட்டர் தற்காலிகமாக வேறு ஏதோ படத்திலிருந்து எடுத்து ஒட்டிவைக்கிற இசை. சொந்த இசை வரும்வரை காட்சி மொட்டையாக இருக்கக்கூடாது என்பதற்காக. மூன்று மாதம் அதையே கேட்டுக் கேட்டு டைரக்டருக்கு அது பழகிப்போயிருந்தது. இனி யார் என்ன வாசித்தாலும் அது சித்தி கையால் பரிமாறியதுபோலத்தான் இருக்கும்.

இருபத்தி மூன்று நாட்களில் நாற்பது இடங்களுக்குப் பின்னணி இசை முடித்தாகிவிட்டது. இது நாற்பத்தி ஒன்றாவது. கழுத்தைத் திருப்பினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடினால் திரையில் ஓடும் நேரக்கணக்கு எண்கள் இமைக்குள்ளும் ஓடின. நாற்பத்தி எட்டு வயதில் இதைவிட நன்றாக உழைக்கிறவர்கள் இருக்கலாம். இதைவிட மோசமாக உட்காருகிறவர்கள் இருக்க முடியாது என்று அவர் மனைவி சொல்வாள்.

காட்சி இரண்டே நிமிடம்தான். ஒரு பெண் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். கீழே தெருவில் ஒரு பைக் வந்து நிற்கிறது. சில ஷாட்டுகள் கழித்துப் படிக்கட்டில் காலடிச் சத்தம். அவள் கணவன் மூன்று மாடி ஏறி வருகிறான். கதவுக்கு வந்து சாவியைப் போடுகிறான். கதவு திறக்கிறது. அவ்வளவுதான். வசனம் கிடையாது. அதற்கப்புறம் நடப்பதுதான் படத்தின் பின்பாதி.

ஏழு முறையும் அவர் அதையே ஏழு விதமாகச் செய்திருந்தார். முதல் காலடியில் ஒரு துடிப்பு ஆரம்பிக்கும். காலடியோடு சேர்ந்து கனக்கும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு அடுக்கு கூடும். வயலின் கூட்டம், அதன் கீழே டிரம், அதன் கீழே வயிற்றைக் கலக்கும் ஒரு உறுமல். கதவு திறக்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரு இடி. பன்னிரண்டு டிராக்கில் தொடங்கியது இப்போது முப்பத்தி ஒன்றாகியிருந்தது. பயம் மட்டும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கே வரவில்லை. முந்நூறு தடவை பார்த்த பிறகு அந்தப் பெண் அவருக்கு ஒரு சமையலறைச் சாமான் மாதிரி ஆகிவிட்டிருந்தாள்.

அப்போது மணி காலை பதினொன்று. வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, கதவுக்கு உட்புறம் பழைய மெத்தை. கதவு தட்டப்பட்டது. அக்கா தலையை மட்டும் நீட்டினாள்.

"பிளம்பர் வந்திருக்கான்டா. மோட்டாரை அரை மணி நேரம் நிறுத்தணுமாம். உனக்குத் தொந்தரவு இல்லையே?"

"நிறுத்தட்டும்க்கா. இங்க ஒண்ணும் ஓடலை."

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. ஒன்பது வருடமாக அவர்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். அத்தானோடு ஒத்துவரவில்லை என்று வந்தவள். 'ஒத்துவரவில்லை' என்ற சொல்லை யார் முதலில் சொன்னார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அந்தச் சொல்லே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. இசையமைப்பாளரைவிட ஆறு வயது மூத்தவள். தம்பியின் வேலை அறைக்குள் அவளாக வந்து உட்கார்ந்ததே இல்லை.

"அக்கா, ரெண்டு நிமிஷம் உக்காரேன். ஒண்ணு காட்டறேன்."

"எனக்கென்னடா தெரியும் மியூசிக்கைப் பத்தி?"

"தெரியாதவங்கதான் இப்ப வேணும்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவர் ஓடவிட்டார். ஏழாவது வடிவம். முப்பத்தி ஒரு டிராக்கும் முழங்கின. அக்கா திரையைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்று எழுந்தாள்.

"பயமா இருந்துச்சா?"

"இல்ல."

"ஏன்க்கா?"

அவள் யோசித்தாள். பதில் சொன்னால் தம்பி மனம் நோகுமோ என்று பார்ப்பது தெரிந்தது.

"அவன் வர்றான் வர்றான்னு நீயே கத்திக் கத்திச் சொல்லிடறியே. அப்புறம் என்ன பயம்? இது ஏறி வர்றவனோட பாட்டுடா. அவன் பெரிய ஆள்னு சொல்ற பாட்டு. அவளுக்கு எங்க பாட்டு?"

இசையமைப்பாளர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"அப்புறம் அந்த பைக் நின்னுச்சே, அங்க ஒண்ணுமே இல்லையே? சும்மா விட்டுட்டே."

"அங்க அவ பாத்திரம்தான் கழுவறாக்கா. இன்னும் ஒண்ணும் நடக்கலை."

"நடந்துருச்சுடா. அவ கையைப் பாரு."

அவர் திரும்ப அந்த இடத்துக்குப் போனார். பைக் இன்ஜின் நிற்கிறது. அந்தப் பெண் ஒரு டம்ளரைக் கழுவுகிறாள். கழுவிக்கொண்டே இருக்கிறாள். குழாய்த் தண்ணீர் ஓடுகிறது. அதற்குப் பிறகு இருபத்து நான்கு நொடி, முதல் காலடி கேட்கும்வரை, அவள் கையில் அதே டம்ளர்தான். முந்நூறு தடவையில் அவர் இதைப் பார்த்ததே இல்லை.

"இன்ஜின் நின்னதும் தெரிஞ்சிரும்," என்று அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஸ்டாண்டை எப்படிப் போடறாங்கங்கறதுலயே பாதி தெரிஞ்சிரும். அப்புறம் எண்ண ஆரம்பிச்சிருவோம். ஒரு மாடிக்குப் பதினெட்டு. மூணு மாடி. அம்பத்தி நாலு. எண்ணிட்டே இருந்தா ஒண்ணும் பயமில்ல. எத்தனை பாக்கி இருக்குன்னு தெரியும்ல? கையில என்ன வேலை இருக்கோ அதைச் செஞ்சுட்டே எண்ணலாம்."

"அப்புறம்?"

"நின்னுடும்."

"என்ன நின்னுடும்?"

"சத்தம். கதவுக்கு வெளிய வந்து நின்னுட்டு இருப்பார். தட்ட மாட்டார். சாவி அவர்கிட்டயே இருக்கு. ஒரு நிமிஷம் நிப்பார், சில நாள் அஞ்சு நிமிஷம்கூட. உள்ள என்ன சத்தம் கேக்குதுன்னு பார்ப்பார். நான் குழாயை மூடக்கூடாது. மூடினா கேட்டுட்டேன்னு தெரிஞ்சிரும். மூடலைன்னா..."



அவ்வளவு நேரமும் திரையில் வருபவனை 'அவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், எப்போது 'அவர்' என்று மாறினாள் என்பதை இசையமைப்பாளர் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தார். காதைத் தீட்டி வைத்துப் பிழைக்கிற ஆள். கால் சுருதி விலகினால் கண்டுபிடிப்பவர். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற அக்காவிடம் இதைக் கேட்கவில்லை.

"பிளம்பர் கூப்பிடறான் போல," என்று அக்கா வெளியே போனாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

*

மாலையில் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்டார்.

"அக்கா விஷயம் உனக்குத் தெரியுமா?"

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். எந்த விஷயம் என்று கேட்கவில்லை.

"தெரியும். அவங்க வந்த முதல் வாரமே."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே."

அது குற்றச்சாட்டாகக்கூட வரவில்லை. சம்பள நாள் எது என்று கேட்டதற்குப் பதில் சொன்னது மாதிரி இருந்தது. அவள் முகம் கழுவப் போய்விட்டாள்.

அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வந்தது. அவர் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த காலம். ஒரு ரெக்கார்டிங்கின் நடுவே, ஸ்டூடியோ வரவேற்பில் இருந்த தொலைபேசிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அக்கா. அழவில்லை. "இங்க இருக்க முடியலைடா, ரெண்டு நாள் வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டாள். உள்ளே இருபது பேர் காத்திருந்தார்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா, எல்லாம் சரியாயிடும், நான் அப்புறம் கூப்பிடறேன்," என்றார். அப்புறம் கூப்பிட்டாரா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அதன் பிறகும் அவள் அந்த வீட்டில் எட்டு வருடம் இருந்தாள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பி நின்ற அக்காவிடம் போனார்.

"அக்கா, நேத்து நீ சொன்னதை... அந்தக் காட்சியில வெச்சுக்கலாமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் என்னடா சொன்னேன்? படத்தைப் பத்திதானே பேசினோம்," என்றாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "அந்த நிக்கற இடத்துல மட்டும் ஒண்ணும் போடாதே. என்ன போட்டாலும் பொய்யாயிடும்."

*

அவர் முப்பத்தி ஒரு டிராக்கையும் அழித்தார். மனம் கேட்காமல் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் அழித்தார். அது வேறு விஷயம்.

நான்கே வாத்தியம். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தரையில் நிறுத்தி வாசிக்கிற கனத்த குரல் செல்லோ ஒன்று. துடிப்பை டிரம்மிடமிருந்து பிடுங்கிச் செல்லோவிடம் கொடுத்தார். வில் இல்லாமல் விரலால் சுண்டி, உடனே உள்ளங்கையால் அமுக்கிவிட வேண்டும். நாதம் நீளக்கூடாது. தடித்த துணிக்குள்ளிருந்து தட்டுவது மாதிரி கேட்க வேண்டும்.

அது காலடியில் ஆரம்பிக்காது. பைக் நின்ற அடுத்த நொடியில், அவள் கையில் டம்ளர் இருக்கும்போது ஆரம்பிக்கும். நிமிடத்துக்கு அறுபது. யாரும் கவனிக்காத வேகம். சுவர்க்கடிகாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கிருந்து காலடி நிற்கும்வரை எழுபத்தி ஆறு நொடி. அதற்குள் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக எண்பத்தி எட்டுக்கு ஏறும். இந்த இடத்தில் வேகம் கூடியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி ஏற வேண்டும். ஏறி வருபவனின் காலடி வேறு கதியில் இருந்தது. இரண்டும் ஒன்று சேராமல் பார்த்துக்கொண்டார். சேர்ந்தால் அது திரும்பவும் அவனுடைய பாட்டாகிவிடும். இரண்டு கதியும் உரசி உரசி விலகும்போதுதான், ஒருத்தி உள்ளே எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது கேட்டது.

கணக்குப் போட்டதில் மொத்தம் தொண்ணூற்று நான்கு துடிப்புகள் வந்தன. எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு எட்டுக்கும் அரை ஸ்வரம் மேலே ஏற்றினார். கீழ் ஸட்ஜத்தில் தொடங்கி, பன்னிரண்டு ஸ்தானங்களும் ஏறி, பன்னிரண்டாவதான நிஷாதத்தில் ஆறு துடிப்போடு முடிகிறது. எட்டு நிறையாது. மேல் ஸட்ஜம் வராது. கேட்பவன் காது அதை எதிர்பார்த்துக் கையை நீட்டியிருக்கும். அந்த நேரத்தில் ஒன்றும் இருக்காது.

மீதி வாத்தியங்களுக்கு வேலை மிகக் குறைவு. முதல் வயலின் ஒரே ஒரு உச்ச ஸ்வரத்தை, தந்தியை அழுத்தாமல் தொட்டு மட்டும் பிடிக்கும். கமகமோ நடுக்கமோ கூடாது. இரண்டாம் மாடிக்கு வரும்போது இரண்டாம் வயலின் அதற்கு அரை ஸ்வரம் கீழே வந்து உட்காரும். வியோலா, வில்லை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் வைத்து, சுரண்டலாக நான்கு இடத்தில் வந்து போகும். இடையில் நிறைய வெற்றிடம்.

நான்கு நாள் ஆயிற்று. ஒவ்வொரு முறை முடித்ததும் இன்னும் ஒன்று சேர்க்கலாமே என்று கை போகும். பழக்கதோஷம். இருபது வருடமாக, பயந்தால் கூடுதலாக ஒன்றை வைத்துப் பிழைத்த கை.

*

ரெக்கார்டிங் பிற்பகல் இரண்டு மணிக்கு. வாடகை ஸ்டூடியோ. ஏ.சி. சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவைத்ததால் நால்வரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். செல்லோக்காரம்மா காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். இருபது வருடப் பழக்கம். எதையும் நேராகக் கேட்டுவிடுவார்.

"எல்லாத்தையும் ஒரே தந்தியிலயா சுண்டணும்? மேல போகப் போக அடுத்த தந்திக்கு மாறினா சத்தம் தெளிவா இருக்கும். இதுல குரல்வளையைப் புடிச்ச மாதிரி அடைச்சுக்குமே."

"அடைச்சுக்கட்டும்மா. அதுதான் வேணும்."

"அப்ப சரி. விரல் போனா நீங்கதான் பிளாஸ்திரி வாங்கித் தரணும்."

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். வேகம் மாறிக்கொண்டே போகிற கிளிக் சத்தம் அதில் ஓடும். அதைப் பிடித்துத்தான் நால்வரும் சேர்ந்து நடக்க வேண்டும். இரண்டு ஒத்திகைக்குப் பிறகு மூன்றாவதில் அமைந்தது.

டைரக்டர் மூன்றரைக்கு வந்தார். முப்பது வயசுக்காரர், முதல் படம். அவர் கண்ணுக்குக் கீழும் கருவளையம். வந்ததும் உட்காராமலே, "காட்டுங்க சார்," என்றார்.

ஓடியது. பைக் நின்றது. துடிப்பு வந்தது. டைரக்டர் மெல்ல உட்கார்ந்தார். படிகள் ஏறின. துடிப்பு ஏறியது. கதவு. துடிப்பு நின்றது. உடனே சாவி திரும்பிக் கதவு திறந்துவிட்டது.

"சார், ஃபைல் ஏதாச்சும் கட் ஆயிடுச்சா?"

"இல்ல. அங்க அவ்வளவுதான்."

"கதவுக்கிட்ட வரும்போதுதானே சார் ஒரு பெரிய அடி வரணும்? தியேட்டர்ல தூக்கிப் போட வேண்டாமா?"

"வேண்டாம். அது மட்டுமில்ல, இந்த இடத்துல நீங்க கொஞ்சம் நேரம் குடுக்கணும். அவன் வெளிய நிக்கணும். அவளைக் காட்டணும். ஒரு எட்டு நொடி."

டைரக்டர் சிரித்தார். "சார், எடிட் லாக் ஆயிடுச்சு. இனி ஒரு ஃப்ரேமைக்கூட மாத்த முடியாது."

சாதாரணமாக இந்த இடத்தில் இசையமைப்பாளர், "சரி, பண்ணிடலாம்," என்பார். அந்த இரண்டு சொல்லில்தான் அவருடைய தொழில் நின்றுகொண்டிருந்தது. பழைய நகல் பையில் இருந்தது. ஒரு இடியை எடுத்து ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம். தூக்கம் கண்ணில் கல்லாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தச் சரியைச் சொல்லவும் தெம்பு வேண்டும் போலிருந்தது.

"முடியாது," என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்லோக்காரம்மா விசிறுவதை நிறுத்தினார்.

"சார், உங்ககிட்ட நான் சண்டை போட வரலை..."

"நானும்தான். ஒண்ணு கேக்கறேன். பைக் நின்னதும் அந்தப் பொண்ணு அதே டம்ளரை இருபத்தி நாலு நொடி கழுவறா. நீங்க சொல்லித்தானே செஞ்சா?"

டைரக்டர் விழித்தார். "இல்ல சார். அவங்களே செஞ்சாங்க. ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாத கன்டினியூட்டி தப்புன்னு நினைச்சேன். வேற டேக் இல்லாததால வெச்சேன்."

"தப்பில்ல. அவ எண்ணிட்டு இருக்கா. எத்தனை படின்னு அவளுக்குத் தெரியும். எண்ணி முடிச்சதும் சத்தம் நிக்குது. அதுக்கப்புறம் அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவளுக்குத் தெரியாததை நான் வாசிச்சா, அது அவன் பக்கம் போய் நின்னு வாசிக்கற மாதிரி."

"இதை யார் சார் சொன்னாங்க?"

இசையமைப்பாளர் திரையைக் காட்டினார். "பாத்தா தெரியுது," என்றார்.

டைரக்டர் இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. இரண்டாம் முறை முடிந்தபோது அவர் கை, தானாக, முழங்காலில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. எழுந்து மூலைக்குப் போய் எடிட்டரைக் கூப்பிட்டார். "அவங்க கையில தண்ணி சொட்ட நிக்கற ஷாட், முழு டேக் எவ்வளவு இருக்கு? ... பதினொரு நொடியா? ... ஆமா, லாக்தான். தெரியும். திற."

அந்த டேக்கில் ஒரு பகுதி ஏற்கெனவே படத்தில் இருந்ததால், கேட்ட எட்டு நொடி கிடைக்கவில்லை. ஆறரை கிடைத்தது. அதற்கு ஈடாக எடிட்டர் படிக்கட்டில் இரண்டு நொடியை வெட்டிவிட்டார். புதுப் படம் வந்து சேர முக்கால் மணி ஆயிற்று. வெட்டிய இரண்டு நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டரைத் துடிப்பு போய்விடும். எதையும் விட அவருக்கு மனமில்லை. எண்ணிக்கையைத் தொடாமல் வேகத்தை மாற்றினார். அறுபதுக்குப் பதில் அறுபத்தி இரண்டில் தொடங்கித் தொண்ணூறை ஒட்டி முடிகிற மாதிரி. தொண்ணூற்று நான்கும் எழுபத்தி நான்கு நொடிக்குள் உட்கார்ந்தன. நால்வரும் திரும்ப வாசித்தார்கள். முடிந்ததும் செல்லோக்காரம்மா சுட்டுவிரலை ஊதிக்கொண்டே சொன்னார்:

"கடைசியில நிறுத்தினதுக்கப்புறமும் எங்க காதுல கிளிக் ஓடிட்டே இருக்குங்க. வாசிக்காம அதை மட்டும் கேட்டுட்டு உக்காந்திருக்கறது இருக்கே... எனக்கு வேண்டாம்பா இந்த வேலை."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

*

இசையையும் மற்றச் சத்தங்களையும் சேர்க்கிற இறுதிக் கலவையில் எல்லாம் அவர் நினைத்தபடி நடந்துவிடவில்லை. தயாரிப்பாளர் தரப்பில் ஒருவர் வந்து, அந்த ஆறரை நொடியில் ஸ்பீக்கர் கெட்டுப்போனதாக ஜனங்கள் நினைப்பார்கள் என்றார். டைரக்டர் அதற்கு வளைந்து, அடியில் ஒரு மெல்லிய உறுமலை வைக்கச் சொன்னார். பேசிப் பேசிக் கடைசியில் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றுவது என்று முடிவாயிற்று. தண்ணீர் ஓடினால் ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கதவு திறக்கும்போது வரும் இடியை மட்டும் அவரால் தடுக்க முடியவில்லை. அது டைரக்டரின் டெம்ப் இசையில் இருந்த அதே மாதிரி இடி. வேறொரு ஆளை வைத்துச் செய்துகொண்டார்கள்.

முன்னோட்டக் காட்சிக்கு இசையமைப்பாளர் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்தக் காட்சி வந்தபோது திரையைப் பார்க்கவில்லை, தலைகளைப் பார்த்தார். பைக் நின்றபோது பெரும்பாலான தலைகள் அசைந்துகொண்டுதான் இருந்தன. யாரோ கைப்பேசி பார்த்தார்கள். ஆனால் அங்கங்கே சில தலைகள், ஏழெட்டு இருக்கும், அப்போதே அசைவதை நிறுத்தின. எல்லாம் பெண்கள் என்று சொல்லிவிட முடியாது. படிகள் ஏறி, துடிப்பு நின்று, தண்ணீர் மட்டும் ஓடியபோது, அரங்கில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை.

அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. வேலை சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்ததும் உடம்பு முழுக்க இருந்த அலுப்பு ஒரேயடியாகக் கீழே இறங்கிக் காலில் தேங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இடைவேளையில் யாரோ கைகொடுத்துப் பாராட்டினார்கள். அவர் நன்றி சொன்னார். இரண்டாம் பாதியில் தூங்கிப்போனார்.

அக்கா வரவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. மறுநாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் போய் இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"என்னடா, வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அந்த இடத்துல ஒண்ணும் போடலைக்கா."

"ம்."

"அக்கா, அன்னிக்கு நீ ஸ்டூடியோவுக்கு ஃபோன் பண்ணினே. நான் பொறுத்துக்கோன்னு சொன்னேன்."

அவள் பாதத்தை அமுக்குவதை நிறுத்தவில்லை. "ஆமா. பின்னாடி வயலின் எல்லாம் கேட்டுச்சு. பெரிய வேலையில இருந்தே."

"நான் திரும்பக் கூப்பிட்டேனா?"

"இல்ல."

அதற்கு மேல் என்ன சொன்னாலும் தன்னைத் தேற்றிக்கொள்வதற்காகச் சொல்வதாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து, மிக இலேசானதாகத் தோன்றி, அங்கேயே நின்றது. ஆனாலும் சொன்னார். சொல்லாமல் விட்டால் அதுவும் இன்னொரு வசதிதான்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா."

"சரி விடு."

"சரி விடுன்னு சொல்லாதே."

அக்கா அவரைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்துத் தம்பியை நேராகப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"அப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"சொல்லு. என்ன நடந்துச்சுன்னு. முழுசா."

"இன்னிக்கு முடியாதுடா. காலையிலேர்ந்து அறுபது பேருக்கு டோக்கன் குடுத்திருக்கேன். வாயே வலிக்குது." கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை பேசலாம்," என்றாள்.

அவள் மறந்துவிடுவாள், அல்லது மறந்த மாதிரி இருந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவே கீழே இறங்கி வந்தாள். பின்னறையில் எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். மனைவி அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அக்கா முதலில், அத்தானோடு இருந்த அந்த வீட்டில் எத்தனை அறைகள் இருந்தன, எந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதிலிருந்து தொடங்கினாள். ஒன்றரை மணி நேரம் பேசினாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.